ஃபார்வர்ட் செய்யும் மெயிலின் அடியில் என்னென்ன போகிறது?

வாட்ஸப்பில் ஒரு செய்தியை அழுத்திப் பிடித்து ஃபார்வர்ட் செய்தால் அந்த ஒரு செய்திதான் போகும். அதற்கு முன்னால் அந்த உரையாடலில் என்ன பேசியிருந்தாலும் அது உங்கள் போனிலேயே இருக்கும். இந்தப் பழக்கத்தோடு முதல் வேலைக்குச் சேர்ந்து அலுவலக மெயிலைத் திறப்பவர்கள் அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மெயிலில் அப்படிக் கிடையாது. நீங்கள் அனுப்ப நினைப்பது மேலே இருக்கும் நான்கு வரிதான் என்றாலும், அதற்குக் கீழே பத்து நாள் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு மெயிலுக்கு Reply கொடுக்கும்போது, நீங்கள் எழுதுவதற்குக் கீழே அவர் எழுதிய முழு மெயிலையும் மெயில் செயலி தானாகவே நகல் எடுத்து வைத்துவிடுகிறது. அவர் அதற்குப் பதில் எழுதினால், உங்கள் மெயிலும் அதற்குள் இருக்கும் அவருடைய பழைய மெயிலும் சேர்ந்து அவர் பதிலுக்குக் கீழே போய் உட்காரும். இப்படியே ஏறிக்கொண்டு போகும். ஏழாவது மெயிலுக்குள் முந்தைய ஆறும் முழுசாக இருக்கும். ஜிமெயிலும் அதுபோன்ற செயலிகளும் இந்தப் பழைய பகுதியை மூன்று புள்ளிகள் கொண்ட ஒரு சின்னப் பொத்தானுக்குள் மடித்து வைத்துவிடுவதால் அது நம் கண்ணில் படுவதில்லை. பெறுகிறவர் அந்தப் புள்ளிகளைத் தொட்டால் எல்லாம் விரிந்துவிடும்.

இன்னொன்று. நடுவில் வந்த ஒரு மெயிலை நீங்கள் நீக்கிவிட்டாலும், அதற்குப் பின்னால் வந்த மெயில்களின் அடியில் அதன் நகல் இருந்துகொண்டே இருக்கும். "அந்த மெயிலை அன்றைக்கே டெலிட் பண்ணிட்டேனே" என்பது இங்கே செல்லாது.

ஒரு பள்ளி, ஒரு அச்சகம், நான்கு மெயில்கள்

ஒரு கற்பனைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆண்டு மலர் அச்சடிக்க வேண்டும். உரையாடல் இப்படிப் போகிறது.

முதல் மெயில் அச்சகத்திலிருந்து தலைமையாசிரியருக்கும், Cc-இல் அலுவலக முகவரிக்கும் வருகிறது. 96 பக்கம், 500 பிரதி, மொத்தம் ரூ.1,12,000 என்று கொட்டேஷன் பிடிஎஃப் இணைத்திருக்கிறார்கள்.

தலைமையாசிரியர் அதற்கே பதில் கொடுப்பதுபோல் அழுத்தி, அச்சகத்தின் முகவரியை எடுத்துவிட்டு, கணக்காளருக்கு எழுதுகிறார்: "இன்னொரு அச்சகத்தில் 98,000 சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இவர்கள் வேலை சுத்தமாக இருக்கும். 1,05,000 வரை போகலாம். நம்மிடம் அவ்வளவு இருக்கிறதா?" இது இரண்டாவது மெயில்.

கணக்காளர் பதில் சொல்கிறார். மலர் நிதியில் இவ்வளவு இருக்கிறது, விளம்பரம் கொடுத்தவர்களில் ஒருவர் இன்னும் பணம் தரவில்லை, அவரே தன் மகனின் கட்டணத்துக்கும் ஜூன் வரை அவகாசம் கேட்டிருக்கிறார், அதனால் அழுத்திக் கேட்க முடியவில்லை என்கிறார். இது மூன்றாவது.

நான்காவது மெயிலில் தலைமையாசிரியர், புதிதாகச் சேர்ந்து அந்த அலுவலக முகவரியைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளரையும் சேர்த்துக்கொண்டு எழுதுகிறார்: "சரி. புகைப்படப் பக்கங்களுக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் வேண்டும், மாதிரித் தாள் அனுப்பச் சொல்லுங்கள், மார்ச் 10-க்குள் கைக்கு வர வேண்டும். இதை அச்சகத்துக்கு அனுப்பிவிடுங்கள்."

உதவியாளருக்கு "அனுப்பிவிடுங்கள்" என்றால் ஃபார்வர்ட்தான். பக்கத்தின் அடியிலேயே Forward என்ற பொத்தான் இருக்கிறது. அழுத்தி, அச்சகத்தின் முகவரியைப் போட்டு அனுப்பினால் அச்சகக்காரருக்கு மூன்று விஷயங்கள் போய்ச் சேரும்: காகிதம் பற்றிய குறிப்பு, பள்ளி 1,05,000 வரை கொடுக்கத் தயார் என்ற தகவல், ஒரு மாணவரின் வீட்டுப் பண நிலைமை. முதலாவதைத் தவிர மற்ற இரண்டும் அவருக்கு உரியவை இல்லை. பேரம் அந்த நிமிடமே முடிந்துவிடும். மாணவரின் விஷயம் அதைவிட மோசம், ஏனென்றால் அந்தக் குடும்பத்துக்கு இது வெளியே போனதே தெரியாது.

கவனியுங்கள், அந்த நான்கு மெயில்களில் எதையும் யாரும் பொறுப்பில்லாமல் எழுதவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருந்த ஆளுக்குத்தான் எழுதினார்கள். அந்த உரையாடலுக்குள் வெளியாள் ஒருவர் வரும்போதுதான் பிரச்சினை.

சரியான வழி: எந்த மெயிலிலிருந்து தொடங்குவது

ஜிமெயிலில் ஓர் உரையாடலைத் திறந்தால் எல்லா மெயில்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அடியில் பெரிதாகத் தெரியும் Reply, Forward பொத்தான்கள் கடைசி மெயிலுக்கு உரியவை. கடைசி மெயிலுக்குள்தான் எல்லாப் பழைய பேச்சும் இருக்கிறது என்பதை இப்போது சேர்த்துப் பாருங்கள். கைக்கு எளிதாக எட்டுகிற பொத்தான்தான் அதிகமாகக் கசியவிடுகிற பொத்தான்.

அச்சகத்துக்கு எழுதும் அந்த வேலையை இப்படிச் செய்யலாம். உரையாடலில் மேலே சுருங்கிக் கிடக்கும் முதல் மெயிலை, அதாவது அச்சகம் அனுப்பியதை, ஒருமுறை தொட்டு விரியுங்கள். அந்த மெயிலின் வலது மூலையில் செங்குத்தாக மூன்று புள்ளிகள் இருக்கும். அதைத் தொட்டு Reply தேர்ந்தெடுங்கள். இப்போது அடியில் ஒட்டிக்கொள்வது அச்சகத்தார் எழுதியது மட்டும்தான். அது அவர்களுக்கே தெரிந்த விஷயம். காகிதம், மாதிரி, தேதி என்று மூன்று வரியை நீங்களே எழுதுங்கள். To இடத்தில் அச்சகத்தின் முகவரிதான் இருக்கிறதா, Cc இடத்தில் யாராவது புகுந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இப்படிச் செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. Reply கொடுக்கும்போது இணைப்புகள் கூட வருவதில்லை. நகலாவது எழுத்து மட்டும்தான். ஆகவே கொட்டேஷன் பிடிஎஃப் முதல் மெயிலில்தான் இருக்கிறது, நான்காவதில் இல்லை. தாளாளர் "கொட்டேஷனை எனக்கு அனுப்புங்கள்" என்று கேட்டு, நீங்கள் கடைசி மெயிலை ஃபார்வர்ட் செய்தால், அவர் கேட்ட பிடிஎஃப் போகாது, கேட்காத பேச்சு முழுக்கப் போகும். முதல் மெயிலை விரித்து அதன் மூன்று புள்ளிகளிலிருந்து Forward கொடுத்தால் அச்சகம் எழுதியதும் பிடிஎஃபும் மட்டும் சுத்தமாகப் போகும். "அட்டாச்மென்ட் வரலையே" என்று யாராவது திரும்பக் கேட்டால், நீங்கள் தவறான மெயிலிலிருந்து அனுப்பியிருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே அடையாளம். உடனே போய் நீங்கள் அனுப்பியதன் அடிப்பகுதியைப் பாருங்கள்.

ஜிமெயிலில் உரையாடலின் மேல்பட்டையில் இருக்கும் மூன்று புள்ளிகளுக்குள் Forward all என்று ஒன்று உண்டு. பெயர் சொல்வதுபோலவே அது மொத்த உரையாடலையும் அனுப்பும். ஒரு வேலையை இன்னொருவரிடம் முழுதாக ஒப்படைக்கும்போது தவிர அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பகுதியை வெட்டி அனுப்ப வேண்டியிருந்தால்

சில சமயம் உரையாடலின் ஒரு பகுதியை மற்றவர் பார்த்தே ஆக வேண்டும். தாளாளர் விலை விவகாரத்தைப் பார்க்கட்டும், கட்டண அவகாசம் பற்றிய வரி மட்டும் வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். Forward அழுத்தியதும் எழுதும் பெட்டிக்குள் இப்படி ஒரு தலைப்பகுதி வரும்:

```
---------- Forwarded message ---------
From: hm@example.org
Date: ...
Subject: Re: Quotation
To: office@example.org
Cc: accounts@example.org
```

இதற்குக் கீழே இருப்பதெல்லாம் சாதாரண எழுத்துதான். பூட்டு எதுவும் கிடையாது. கர்சரை வைத்து நீக்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை, தொடக்கூடாத ஏதோ முத்திரை போல நினைத்துக்கொள்கிறார்கள். பெட்டியின் கடைசி வரி வரைக்கும் இறங்கிப் போங்கள், அடியிலிருந்து மேலே வாருங்கள். அடியில்தான் பழையது இருக்கிறது, மறந்துபோனதும் அங்கேதான் இருக்கும். கூடவே தலைப்பகுதியில் இருக்கும் முகவரிகளையும் பாருங்கள். யார் யாருக்கு இந்த மெயில் போயிருந்தது என்பதே சில இடங்களில் ரகசியம்.

வெட்டலாம், ஆனால் மாற்றக்கூடாது. ஒருவர் எழுதியதன் நடுவிலிருந்து ஒரு வரியை எடுத்தால் அந்த இடத்தில் [...] என்று போட்டுவிடுங்கள். அவர் பெயருக்குக் கீழே இருக்கும் சொற்களை "சரிசெய்வது" வேறு வகைக் குற்றம்.

என்னைக் கேட்டால், ஒரு வரிக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால் ஃபார்வர்டையே விட்டுவிடலாம். Compose அழுத்திப் புதிய மெயில் திறந்து, தேவையான பத்தியை மட்டும் நகலெடுத்து ஒட்டி, "தலைமையாசிரியர் இன்று எழுதியது" என்று மேலே ஒரு வரி சேர்த்தால் போதும். வெட்டும்போது எதையாவது விட்டுவிடுவோம். ஒட்டும்போது நாம் ஒட்டியது மட்டும்தான் போகும்.

போனில் செய்வதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. சின்னத் திரையில் உங்கள் மூன்று வரியும் விசைப்பலகையும் சேர்ந்தே இடத்தை அடைத்துவிடும். கீழே இருபது திரை நீளத்துக்குப் பேச்சு இருந்தாலும் தெரியாது. வெளியாளுக்குப் போகும் மெயில் என்றால் கணினிக்கு வரும்வரை பொறுத்திருப்பது நல்லது.

சந்தேகம் இருந்தால் முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். வந்ததைத் திறந்து, மடித்த மூன்று புள்ளிகள் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் தொட்டு விரியுங்கள். பெறுகிறவர் என்ன பார்ப்பாரோ அதைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள்.

ரீடைரக்ட் என்பது வேறு

இப்போது வேறொரு நிலைமை. ஒரு பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு மெயில் எழுதுகிறார். முகவரி தெரியாமல் அது நூலகத்துக்கு வந்துவிடுகிறது. அதை அலுவலகத்துக்குத் தள்ள வேண்டும். நூலகர் ஃபார்வர்ட் செய்தால் அலுவலகத்துக்கு அது நூலகரிடமிருந்து வந்த மெயிலாகத் தெரியும். எழுத்தர் Reply அழுத்தி "விண்ணப்பமும் கட்டண ரசீதும் கொண்டு வாருங்கள்" என்று எழுதுவார். அது நூலகருக்குப் போகும். பெற்றோர் காத்துக்கொண்டே இருப்பார். அலுவலகங்களில் பாதி "பதிலே வரலை" புகார்கள் இப்படித்தான் பிறக்கின்றன என்பது என் அனுமானம்.

இந்த இடத்துக்குத்தான் ரீடைரக்ட். வீடு மாறிப் போனவருக்கு வந்த தபாலில் பழைய முகவரியை அடித்துவிட்டுப் புதிய முகவரி எழுதி மறுபடி தபாலில் சேர்ப்போமே, அதே வேலை. உறையைப் பிரிப்பதில்லை. அலுவலகத்துக்குப் போய்ச் சேரும் மெயிலில் அனுப்பியவர் இடத்தில் பெற்றோரின் பெயரே இருக்கும், எழுத்தர் Reply அழுத்தினால் பதில் நேராகப் பெற்றோருக்குப் போகும். தலைப்பில் Fwd: ஒட்டாது. மெயிலோடு சேர்ந்து போனாலும் வழக்கமாகக் கண்ணில் படாத உள்தலைப்பில் மட்டும் சில வரிகள் கூடும்:

```
From: parent@example.com
To: library@example.org
Resent-From: library@example.org
Resent-To: office@example.org
```

இந்த Resent- வரிகள் புதிய கண்டுபிடிப்பு இல்லை. மெயிலின் வடிவத்தை வகுத்த 1982-ஆம் ஆண்டின் RFC 822 ஆவணத்திலேயே இருக்கின்றன. பின்னால் வந்த RFC 5322-இலும் தொடர்கின்றன.

தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியில் Message மெனுவுக்குள் Redirect இருக்கிறது. ஆப்பிள் மேக் கணினியின் மெயில் செயலியிலும் Message மெனுவுக்குள்தான், விசைகளால் என்றால் Shift-Command-E. அவுட்லுக்கில் மெயில் வரும்போதே தானாகத் திருப்பிவிட விதி எழுதும் இடத்தில் Redirect to என்று ஒரு தேர்வு உண்டு. ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் ஒரு மெயிலை எடுத்து ரீடைரக்ட் செய்யப் பொத்தானே கிடையாது. அதன் ஃபில்டரில் இருக்கும் Forward it to, பெயர் ஃபார்வர்ட் என்றாலும், அனுப்பியவர் பெயரை மாற்றாமல்தான் அனுப்புகிறது. ஆனால் அது இனிமேல் வரும் மெயில்களுக்கு மட்டும் வேலை செய்யும், திருப்பும் முகவரியை முன்கூட்டியே உறுதிப்படுத்தவும் வேண்டும். ஆகவே ஜிமெயில் மட்டும் வைத்திருக்கும் நூலகர் ஃபார்வர்ட்தான் செய்ய முடியும். அப்போது மேலே "பதிலைக் கீழே உள்ள பெற்றோரின் முகவரிக்கு அனுப்பவும்" என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். முடிந்தால் பெற்றோரையும் Cc-இல் சேர்த்து, அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்று தெரிவித்துவிடலாம்.

ரீடைரக்டில் இரண்டு சங்கடங்கள் உண்டு. பெறுகிறவருக்கு இது ஏன் தனக்கு வந்தது என்று புரியாது. To இடத்தில் நூலகத்தின் முகவரிதானே இருக்கிறது, Resent- வரிகளைப் பல செயலிகள் காட்டுவதில்லை. ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவது நல்லது. இரண்டாவது, மெயில் பெற்றோரின் பெயரில் இருக்கிறது, ஆனால் பள்ளியின் சர்வரிலிருந்து வருகிறது. பெறும் பக்கத்தில் இருக்கும் சோதனைகள் இதைப் போலி என்று சந்தேகிக்கலாம். முதலில் அனுப்பிய சேவை போட்ட டிஜிட்டல் கையொப்பம் சிதையாமல் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும், இல்லையென்றால் ஸ்பேமில் விழும். வரவில்லை என்றால் முதலில் அங்கே தேடச் சொல்லுங்கள்.

ரீடைரக்ட் செய்தால் பழைய பேச்சு போகாது என்று சிலர் நம்புகிறார்கள். அதை விட்டுவிடுங்கள். ரீடைரக்ட் அந்த மெயிலை இருந்தபடியே அனுப்புகிறது. அதன் அடியில் நகல்கள் இருந்தால் அவையும் இருந்தபடியே போகும். சொல்லப்போனால் ஃபார்வர்டிலாவது வெட்ட வாய்ப்பு உண்டு. ஆகவே ரீடைரக்ட் பொருந்துவது வெளியிலிருந்து புதிதாக, தவறான ஆளுக்கு வந்த தனி மெயிலுக்குத்தான். அச்சக உரையாடலின் நான்காவது மெயிலை ரீடைரக்ட் செய்தால், எல்லாம் கசிவதோடு, தலைமையாசிரியரே நேரடியாக அச்சகத்துக்கு எழுதியதுபோல் வேறு இருக்கும்.

மூன்றாவதாக Forward as attachment என்று ஒன்று பார்ப்பீர்கள். மெயிலை .eml கோப்பாக்கி இணைத்து அனுப்பும். உள்தலைப்புகள் உட்பட எதையும் விடாது. மோசடி மெயில் வந்தால் கணினிப் பிரிவுக்கு அனுப்ப இதுதான் சரி. மற்ற வேலைகளுக்கு வேண்டாம். அதற்குள் இருப்பதை வெட்ட முடியாது, நீங்களே அனுப்பிய மெயிலாக இருந்தால் அதில் மற்றவர்களுக்குத் தெரியாமல் Bcc-இல் போட்டவர்களின் முகவரியும் இருக்கக்கூடும்.

ஃபார்வர்டே செய்யாமலும் இதே கசிவு நடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் உரையாடலில் Reply எழுதும்போது Cc-இல் ஒரு புதிய ஆளைச் சேர்த்தால், அந்த மடித்த மூன்று புள்ளிகளுக்குள் இருக்கும் அத்தனையும் அவருக்கும் போகிறது. யாரையாவது புதிதாகச் சேர்க்கிறீர்கள் என்றால் புள்ளிகளைத் தொட்டு விரித்து, கீழே இருப்பதை அழித்துவிட்டு அனுப்புங்கள்.

அனுப்பிவிட்ட பிறகு

ஜிமெயிலில் அனுப்பியதும் மூலையில் Undo என்று சில விநாடிகள் தெரியும். வழக்கமாக அது 5 விநாடி. Settings, See all settings, General என்று போய் Undo Send இடத்தில் 30 விநாடியாக்கி வைக்கலாம். அதற்கு மேல் கிடையாது. இன்றே மாற்றிவையுங்கள். அவுட்லுக்கில் திரும்பப் பெறும் வசதி ஒன்று உண்டு, ஆனால் அது ஒரே நிறுவனத்தின் மெயில் அமைப்புக்குள் இருப்பவர்களிடம்தான் வேலை செய்யும். அச்சகத்துக்குப் போனதை இழுக்க முடியாது.

நேரம் தாண்டிவிட்டால் முதலில் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், என்னென்ன போனது என்று சரியாகச் சொல்லுங்கள். விலையை மறுபடி எப்படிப் பேசுவது, அந்தக் குடும்பத்திடம் யார் சொல்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். பிறகு அச்சகத்தை போனில் அழைத்து, அந்த மெயிலை நீக்கிவிடும்படியும் யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்றும் கேளுங்கள். எழுத்தில்தான் கேட்க வேண்டும் என்றால் புதிய மெயிலில் எழுதுங்கள். பதற்றத்தில் அதே மெயிலுக்கு Reply கொடுத்து "தவறாக வந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று எழுதினால், அதன் அடியில் மொத்தப் பேச்சும் இரண்டாவது முறையாக அவருக்குப் போய்ச் சேரும்.